எக்ஸ்பைரி வரைக்கும் வைத்திருந்தால் தங்கக் கட்டி வீட்டுக்கு வருமா?

தெரிந்த ஒருவர் போன் செய்தார். கோல்டு மினி என்ற தங்க ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு லாட் வாங்கி வைத்திருக்கிறார், நல்ல லாபத்தில் ஓடுகிறது, எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் புரோக்கரிடமிருந்து, இந்தத் தேதிக்குள் பொசிஷனை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் நாங்களே முடித்துவிடுவோம் என்று மெசேஜ் வந்துவிட்டது. "என்னண்ணே இது, ஒப்பந்தம் அஞ்சாம் தேதி வரைக்கும்னு போட்டிருக்கு, இவங்க எதுக்கு இப்பவே அவசரப்படுத்துறாங்க? நான் பாட்டுக்கு விட்டுட்டா தங்கம் வீட்டுக்கு வந்துடுமா, இல்ல லாபம் மட்டும் கணக்குல வருமா?" என்று கேட்டார். இரண்டு வருடமாக வர்த்தகம் செய்கிறவர் இதைக் கேட்கிறார் என்றால் இன்னும் பலருக்கு இது தெரியாமல்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபியூச்சர்ஸ் என்பது ஒரு வாக்குறுதி. இன்ன தேதியில், இன்ன அளவு தங்கத்தை, இன்று பேசிய விலைக்கு ஒருவர் கொடுப்பதாகவும் இன்னொருவர் வாங்கிக்கொள்வதாகவும் சொல்வது. பங்கு மாதிரி வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் மறந்து இருக்க முடியாது, முடிவுத் தேதி அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தங்கம், எண்ணெய் போன்ற பொருள்களுக்கான நம் எம்சிஎக்ஸ் சந்தையில் கோல்டு மினி என்றால் ஒரு லாட் 100 கிராம், விலை மட்டும் 10 கிராமுக்குச் சொல்லப்படும், ஒப்பந்த மாதத்தின் 5ஆம் தேதி காலாவதி, அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாள். பெரிய கோல்டு ஒப்பந்தம் ஒரு கிலோ. இவற்றை முடிவுத் தேதியில் தீர்க்க உலகத்தில் இரண்டே வழிதான் இருக்கிறது: பொருளைக் கைமாற்றுவது, அல்லது விலை வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்துக் கணக்கை மூடுவது. எந்த வழி என்பதை நீங்களோ நானோ அன்றைக்கு முடிவு செய்வதில்லை, ஒப்பந்தத்தை உருவாக்கும்போதே எக்ஸ்சேஞ்ச் எழுதிவைத்துவிடுகிறது. எம்சிஎக்ஸில் கோல்டு, கோல்டு மினி இரண்டுக்கும் எழுதிவைத்திருப்பது கட்டாய டெலிவரி. இங்கே கட்டாயம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முடிவு வரை பொசிஷனைத் திறந்து வைத்திருந்தால், எனக்குத் தங்கம் வேண்டாம், காசு கொடுங்கள் என்று கேட்கவே முடியாது.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன், இன்றைய விலை இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கோல்டு மினி ஒரு லாட்டை 10 கிராம் 98,000 ரூபாய் என்ற விலையில் வாங்குகிறீர்கள். 100 கிராமுக்கு மொத்த மதிப்பு 9,80,000. ஆனால் நீங்கள் கட்டியது அவ்வளவு இல்லை, மார்ஜினாக அதில் ஒரு சிறு பகுதி, ஒரு லட்சம் போல என்று வைத்துக்கொள்வோம். முடிவு நாளில் விலை 1,00,000க்கு வந்து நிற்கிறது.

முதலில் இது பணமாகத் தீரும் ஒப்பந்தம் என்று கற்பனை செய்யுங்கள். 10 கிராமுக்கு 2,000 லாபம், 100 கிராமுக்கு 20,000. இந்த 20,000 கடைசி நாளில் மொத்தமாக வருவதும் இல்லை, விலை ஏறிய ஒவ்வொரு நாளும் அன்றன்றைய வித்தியாசம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும், இறங்கிய நாளில் எடுத்துக்கொள்ளப்படும். இதைத்தான் மார்க் டு மார்க்கெட் என்கிறார்கள். கடைசி நாள் வித்தியாசத்தையும் எக்ஸ்சேஞ்ச் அறிவித்த இறுதி விலையை வைத்துக் கணக்கிட்டுப் போட்டுவிட்டு, பிடித்து வைத்த மார்ஜினை விடுவித்துவிடுவார்கள். கட்டி இல்லை, வால்ட் இல்லை, ஜிஎஸ்டி இல்லை, வேலை முடிந்தது.

இப்போது உண்மையில் இருக்கும் கோல்டு மினிக்கு வருவோம். அதே 20,000 தினசரிக் கணக்கில் உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் டெலிவரி எடுக்கும்போது நீங்கள் கட்ட வேண்டியது வாங்கிய விலை 9,80,000 இல்லை, இறுதி விலையான 10,00,000. பலர் இந்த இடத்தில் குழம்புகிறார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூட நினைக்கிறார்கள். ஏமாற்று எதுவும் இல்லை, 10,00,000 கட்டுகிறீர்கள், ஏற்கெனவே 20,000 வாங்கிவிட்டீர்கள், ஆக உங்களுக்கு அடக்கம் 9,80,000தான், நீங்கள் பேசிய விலை காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. எம்சிஎக்ஸ் திரையில் தெரியும் விலையில் இறக்குமதித் தீர்வை அடக்கம், ஜிஎஸ்டி அடக்கம் இல்லை. டெலிவரி என்றால் அது நிஜமான விற்பனை, எனவே 10,00,000க்கு 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் ஜிஎஸ்டி. வந்த லாபம் 20,000, போகிற வரி 30,000!

அடுத்து தரம். ஒப்பந்தம் 995 நேர்த்திக்குப் பேசப்பட்டது, அதாவது ஆயிரத்தில் 995 பங்கு தூய தங்கம். உங்களுக்கு வந்து சேரும் கட்டி 999 நேர்த்தியாக இருந்தால், அதிகப்படியான தூய்மைக்கு விகிதப்படி கூடுதலாகக் கட்ட வேண்டும், 10,00,000ஐ 999ஆல் பெருக்கி 995ஆல் வகுத்தால் சுமார் 10,04,020 வரும். அதிகத் தங்கத்துக்கு அதிகக் காசு, நியாயம்தான், ஆனால் கையில் அந்தப் பணமும் அதற்குரிய வரியும் தயாராக இருக்க வேண்டும். வால்ட் கட்டணம், டெலிவரி கட்டணம் எல்லாம் தனி.

அப்புறம், கட்டி வீட்டு வாசலுக்கு வராது. எம்சிஎக்ஸ் தங்கத்துக்கு அடிப்படை மையம் அகமதாபாத். விற்றவர், எக்ஸ்சேஞ்ச் அங்கீகரித்த வால்ட்டில் கட்டியை ஒப்படைக்கிறார். அது எக்ஸ்சேஞ்சின் மின்னணுப் பதிவேட்டில் வரவாகிறது, நீங்கள் பணம் கட்டியதும் உங்கள் பெயருக்கு மாற்றப்படுகிறது. அதற்கு உங்களுக்கும் அந்தப் பதிவேட்டில் கணக்கு திறந்திருக்க வேண்டும். கட்டியைக் கையில் பார்க்க வேண்டுமென்றால் எந்த வால்ட்டில் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்துவர ஏற்பாடு செய்வது உங்கள் பாடு. சிறு வாடிக்கையாளர்களுக்கு இந்த வேலையெல்லாம் செய்துதரப் பல புரோக்கர்கள் தயாராக இல்லை. நண்பருக்கு வந்த மெசேஜுக்குக் காரணம் இதுதான்.

விற்ற பக்கம் இருப்பவருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. விலை இறங்கும் என்று நம்பி, கையில் தங்கமே இல்லாமல் ஒரு லாட் விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வரை விட்டுவிட்டால் அவர் 100 கிராம் கட்டியைக் கொண்டுவந்து ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். பீரோவில் இருக்கும் பாட்டியின் காசுமாலையை உருக்கிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் அங்கீகரித்த சுத்திகரிப்பு ஆலையின் முத்திரையும் வரிசை எண்ணும் உள்ள கட்டி வேண்டும். கொடுக்க முடியவில்லையென்றால் அபராதம், அதற்கு மேல் வேறு இடத்தில் வாங்கிக் கொடுக்க ஆகும் வித்தியாசமும் அவர் தலையில். வாங்கியவர் தரப்பில் பணம் கட்டாமல் நழுவுவதற்கு விதிகளில் இடமே கிடையாது.

சரி, 5ஆம் தேதிதானே முடிவு, 4ஆம் தேதி மதியம் விற்றுவிட்டால் போதாதா? போதாமல் போகலாம். காலாவதிக்கு முந்தைய சில வர்த்தக நாட்களை டெண்டர் காலம் என்கிறார்கள். அந்த நாட்களில் தங்கம் தயாராக வைத்திருக்கும் விற்பனையாளர், இன்றே கொடுக்கிறேன் என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் எக்ஸ்சேஞ்ச் வாங்கும் பக்கம் திறந்திருக்கும் பொசிஷன்களில் ஒருவருக்கு அதை ஒதுக்கிவிடும், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் மறுக்க முடியாது. விலை அன்றைய முடிவு விலை. ஆக ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தேதி கடைசி நாள்தான், ஆபத்து தொடங்கும் நாள் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. டெண்டர் காலத்தில் மார்ஜினும் நாளுக்கு நாள் ஏற்றப்படும், ஒரு லட்சம் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் மேலும் மேலும் கேட்பார்கள். ஏனென்றால் இதுவரை எக்ஸ்சேஞ்சுக்கு இருந்த கவலை ஒரு நாள் விலை ஏற்றஇறக்கத்தைப் பற்றியது மட்டும், இனிமேல் முழுத் தொகையையும் இவர் கட்டுவாரா என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையிலும் இதே தர்க்கம்தான். அங்கே ஒப்பந்தம் 100 டிராய் அவுன்ஸ், டெலிவரி மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி வேலை நாளை முதல் அறிவிப்பு நாள் என்பார்கள், உலோகம் வேண்டாதவர்கள் அதற்கு முன்னரே வெளியேறிவிடுவார்கள். வர்த்தகம் முடிவதோ டெலிவரி மாதத்தின் கடைசிப் பகுதியில்தான்.

இவ்வளவு தொல்லை இருக்கிறதே, எல்லாவற்றையும் பணத்திலேயே தீர்த்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் டெலிவரி என்ற அந்த ஒரு விஷயம்தான் திரையில் ஓடும் எண்ணைக் கடையில் இருக்கும் உலோகத்தோடு கட்டிவைத்திருக்கிறது, பெரும்பாலானோர் டெலிவரி எடுக்காவிட்டாலும்கூட. எப்படியென்று பாருங்கள். கடைசி நாட்களில் ஃபியூச்சர்ஸ் 1,01,000 என்றும், நிஜ சந்தையில் அதே தரக் கட்டி 1,00,000 என்றும் இருந்தால், கட்டி வியாபாரி ஒருவர் நிஜத் தங்கத்தை வாங்கி, ஃபியூச்சர்ஸை விற்று, வால்ட்டில் ஒப்படைத்து, ஒரு மினி லாட்டுக்கு 10,000 பார்த்துவிடுவார், அதில் செலவு போக மிச்சம் லாபம். இதைப் பலர் செய்யச் செய்ய ஃபியூச்சர்ஸ் இறங்கும். நேர்மாறாக ஃபியூச்சர்ஸ் மலிவாக இருந்தால் நகை உற்பத்தியாளர் அங்கே வாங்கி டெலிவரி எடுத்துக்கொள்வார். அவருக்கு அந்த 3 சதவீத ஜிஎஸ்டி நம்மைப் போலப் பாரமில்லை, பதிவு பெற்ற வியாபாரி என்பதால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். இப்படி இரண்டு பக்கமும் இழுத்து, முடிவு நாள் நெருங்க நெருங்க இரண்டு விலையும் ஒன்றாகிவிடுகின்றன.

பணமாகத் தீரும் ஒப்பந்தத்தில் இந்த இழுவிசை கிடையாது, வேறெங்கோ உருவாகும் ஒரு விலையைக் கொண்டுவந்து இதுதான் இறுதி விலை என்று அறிவிக்கிறார்கள். அந்த வேறு விலை நம்பகமானதாக இருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. காமெக்ஸை நடத்தும் அமெரிக்காவின் சிஎம்இ நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரே ஒரு அவுன்ஸ் தங்க ஃபியூச்சர்ஸைக் கொண்டுவந்தது, அது பணமாகத் தீர்வது, ஆனால் அதன் விலைக்கு ஆதாரம் டெலிவரி உள்ள பெரிய 100 அவுன்ஸ் ஒப்பந்தம். சின்ன முதலீட்டாளருக்குக் கட்டி பற்றிய கவலை வேண்டாம் என்ற வசதியை, பின்னால் நிற்கும் பெரிய ஒப்பந்தத்தின் கட்டிகள்தான் தருகின்றன.

பணத் தீர்வு என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்காக, தங்கம் இல்லையென்றாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். எம்சிஎக்ஸ் கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் பணமாகத் தீர்வது, இறுதி விலை நியூயார்க் சந்தையின் விலையிலிருந்து எடுக்கப்படுகிறது. 2020 ஏப்ரல் 20 அன்று, எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல், டெலிவரியைத் தவிர்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட, அங்கே மே மாத ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஊரடங்கினால் எம்சிஎக்ஸ் வர்த்தகம் அந்த நாட்களில் மாலை 5 மணிக்கே முடிந்துகொண்டிருந்தது, முடியும்போது விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. இரவில் நியூயார்க்கில் நடந்ததை இங்கே உட்கார்ந்து பார்க்கத்தான் முடிந்தது. இறுதி விலை மைனஸ் 2,884 ரூபாய் என்று தீர்க்கப்பட்டது, ஒரு லாட் 100 பேரல், அதாவது வாங்கி வைத்திருந்தவருக்கு அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் லாட்டுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல் போனது. பொருளைத் தொடவே வேண்டியிராத ஒப்பந்தம்தான் அது.

டெலிவரியும் குறையில்லாத ஏற்பாடு இல்லை. அதற்கு ஒரு மாதம் முன், 2020 மார்ச்சில், தங்கத்திலேயே அது தெரிந்தது. லண்டன் வால்ட்டுகளில் தங்கம் நிறைய இருந்தது, ஆனால் அங்கே புழங்குவது 400 அவுன்ஸ் கட்டிகள், காமெக்ஸ் ஏற்பதோ 100 அவுன்ஸ் கட்டி அல்லது கிலோ கட்டி. சாதாரணமாக ஸ்விட்சர்லாந்தின் ஆலைகள் உருக்கி அளவை மாற்றித் தரும், விமானத்தில் போய்விடும். கொரோனாவால் டிசினோ மாகாணத்தின் மூன்று பெரிய ஆலைகளும் நிறுத்தப்பட்டன, விமானங்களும் நின்றன. உடனே நியூயார்க் ஃபியூச்சர்ஸ் லண்டன் விலையைவிட அவுன்ஸுக்குப் பல பத்து டாலர் மேலே போய் நின்றது. தங்கம் இருந்தது, உரிய அளவில், உரிய இடத்தில் இல்லை. அதன் பிறகு சிஎம்இ 400 அவுன்ஸ் கட்டியையும் ஏற்கும் புதிய ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தது. டெலிவரி விதிகளில் கட்டியின் எடை, முத்திரை, வால்ட் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகக் கூடாது, விலை அந்தச் சின்ன எழுத்துக்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, ஏன் பெரும்பாலானோர் முன்கூட்டியே வெளியேறுகிறார்கள் என்பது ஓரளவு உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது விலையின் அசைவு, அதை விற்ற நிமிடமே எடுத்துவிடலாம். நம் கணக்கிலேயே 1,00,000 விலையில் லாட்டை விற்றிருந்தால் தரகும் பரிவர்த்தனை வரியும் போக 20,000 கையில். டெலிவரி எடுத்தால் பத்து லட்சத்துக்கு மேல் புரட்ட வேண்டும், 30,000 வரி போகும், பிறகு அந்தக் கட்டியை உள்ளூரில் விற்கப்போனால் திரை விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள், கட்டிய ஜிஎஸ்டியும் பதிவில்லாத தனிநபருக்குத் திரும்ப வராது. வெளியேறுவதும் எளிது, வாங்கியதை விற்றால் போதும், எதிர்ப்பக்கம் இருந்தவரைத் தேடிப்போக வேண்டியதில்லை, நடுவில் நிற்கும் கிளியரிங் நிறுவனம் இரண்டையும் கழித்துப் பூஜ்யமாக்கிவிடும்.

இன்னொரு காரணம் கூட்டம். எல்லோரும் அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிட்டால் கடைசி நாட்களில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவே இடைவெளி அகலமாகிவிடும், அவசரத்தில் விற்பவர் அந்த இடைவெளியைத் தன் பையிலிருந்து கட்டுகிறார். திரையில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்ற எண்ணை, அதாவது இன்னும் முடிக்கப்படாமல் திறந்திருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை, இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடுத்த மாதத்தினுடையது இதைத் தாண்டிவிட்டது என்றால் கூட்டம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

விலை இன்னும் ஏறும் என்று நம்புகிறவர் என்ன செய்வார்? ரோல்ஓவர். இந்த மாத லாட்டை 1,00,000க்கு விற்று, அடுத்த மாத லாட்டை 1,00,600க்கு வாங்குவார். பலர் இந்த 600ஐப் பார்த்து நஷ்டம் என்று பதறுகிறார்கள். அது உண்மையில் வட்டி மாதிரி. பத்து லட்ச ரூபாய்த் தங்கத்தை முழுப் பணம் கட்டாமல் இன்னொரு மாதம் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அதற்கான விலை லாட்டுக்கு 6,000. ஒரு மாதம் கழித்து நிஜத் தங்கம் அதே 1,00,000இல் நின்றால், உங்கள் 1,00,600 ஒப்பந்தமும் மெல்ல அங்கேயே இறங்கிவந்து அந்த 6,000 போய்விடும். தங்கம் அசையாமல் இருந்தாலும் செலவு ஓடுகிறது, ஆறு மாதம் தொடர்ந்து ரோல் செய்தால் 36,000 போல ஆகும். நீண்ட காலம் தங்கம் வைத்திருக்க நினைப்பவருக்கு ஃபியூச்சர்ஸ் சரியான பாத்திரம் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நண்பரிடம் மூன்று இடத்தைப் பார்க்கச் சொன்னேன். எம்சிஎக்ஸ் தளத்தில் அந்த ஒப்பந்தத்தின் விவரக்குறிப்பைத் திறந்து, டெலிவரி தர்க்கம் என்ற வரியில் கட்டாய டெலிவரியா பணத் தீர்வா என்று பார்ப்பது, டெண்டர் காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்று பார்ப்பது, பிறகு புரோக்கரின் கடைசித் தேதி அதற்கு எத்தனை நாள் முன்னால் இருக்கிறது என்று பார்ப்பது. கட்டாய டெலிவரி என்றால், இந்த இரண்டு தேதிகளில் முதலில் வருவது எதுவோ அதுதான் உங்களுடைய எக்ஸ்பைரி. அவர் அன்று மாலையே பாதி மனதோடு விற்றார், அடுத்த மாதத்தில் ஒரு லாட் வாங்கினார், வாங்கும்போதே டெண்டர் தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டாராம்.